உபபதத்துக்கு ரெண்டில சனியும் ராகுவும், வாசலில மாப்பிள்ளையும்

இரு மோனே, இரு. கலியாணத்தை நிப்பாட்ட முதல் அந்த முகத்தைக் கழுவிக்கொண்டு வா. தோட்டத்துக்குத் தண்ணி மாறக் கூப்பிட்டால் மூண்டு நாளைக்குப் பிறகு வாறவன், பொம்பிளையின்ர சாதகத்தில ஏதோ இருக்காம் எண்டவுடன விடிய முதல் படலையில நிக்கிறாய். என்ன சொன்னனி? "உபபதத்துக்கு ரெண்டில சனியும் ராகுவும்." நல்லாய்ச் சொல்லுறாய். போன கிழமை வரைக்கும் உனக்கு லக்கினம் எந்தப் பெட்டியில இருக்கெண்டே தெரியாது.

எங்கட காலத்தில பேச்சுக்கால் வந்தால் சாத்திரியாரிட்டக் கேக்கிறது ரெண்டே ரெண்டு. நட்சத்திரம் பொருந்துதோ, செவ்வாய் இருக்கோ. மூண்டாவதாக் காணி எத்தினை ஏக்கர் எண்டது, அதைச் சாத்திரியாரிட்டக் கேக்கிறேல்லை, விதானையாரிட்டக் கேக்கிறது. இஞ்ச பக்கத்து ஊர்களில மாதா கோயிலில கை பிடிச்சதுகள் சாதகமெண்டு ஒரு துண்டும் பாராமல் பேரப்பிள்ளை கண்டிட்டுதுகள். அதை விடு. நீ கேட்டுக்கொண்டு வந்திட்டாய், பார்த்துத்தான் விடுவம். கொப்பியைத் தா.

முதல் உந்த உபபதம் என்னெண்டு விளங்கிக்கொள். ஜைமினி எண்டு ஒரு முனிவர். அவர்ட சூத்திரங்கள் எல்லாம் அரை வசனம், கால் வசனம். பராசரர்ட பேரில இருக்கிற ஓரா சாத்திரத்திலயும் இதுக்கெண்டு ஒரு அத்தியாயம் கிடக்கு. போன நூற்றாண்டில பெங்களூர் பி. வி. ராமன் ஜைமினியைப் பற்றி இங்கிலீசில ஒரு புத்தகம் போட்ட பிறகுதான் கன பேர் இந்தப் பக்கம் திரும்பினவை. இப்ப போனுக்குள்ள வந்திட்டுது, லண்டனில இருக்கிற உன்ர மாமியும் ஜைமினி முனிவர் ஆகிட்டா.

கலியாணமெண்டால் ஏழாம் வீடு எண்டு நீ கேள்விப்பட்டிருப்பாய். முனிவர் ஏழை விட்டிட்டுப் பன்னிரண்டாம் வீட்டுக்குப் போறார். பன்னிரண்டு என்ன வீடு? விரய வீடு. செலவு, படுக்கை, கையை விட்டுப் போறது எல்லாம் அங்கதான். கலியாணத்தைச் செலவுக் கணக்கில எழுதி வைச்சவர் கட்டாயம் கலியாணம் கட்டினவராத்தான் இருக்கவேணும், அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பகிடிக்குச் சொல்லேல்லை, அதில ஒரு ஞாயம் இருக்கு. ஏழாம் வீடு ஆசை. ஆரைப் பிடிக்குது, ஆரோட சேர்க்கை எண்டது. பன்னிரண்டு நீ உன்னில இருந்து என்னத்தைக் குடுக்கிறாய் எண்டது. குடுக்காமல் கலியாணம் நிக்காது. அந்தப் பன்னிரண்டாம் வீட்டின்ர நிழல் வெளியில எங்க விழுகுதோ, ஊர் கண்ணால காணுற கலியாணம் அதுதான். அந்த நிழல் விழுற ராசிக்குத்தான் உபபதம் எண்டு பேர்.

நிழலைப் பிடிக்கிற கணக்குச் சின்னப் பிள்ளைக்கும் வரும். பன்னிரண்டாம் வீட்டில இருந்து அந்த வீட்டுக்காரன் எத்தினையாவது ராசியில இருக்கிறான் எண்டு எண்ணு. அவனில இருந்து திரும்ப அதே எண்ணிக்கை எண்ணு. நிக்கிற இடம் உபபதம். எண்ணேக்கை தொடங்கிற ராசியை ஒண்டு எண்டு எண்ணவேணும். உன்னை மாதிரி ரெண்டில தொடங்கினால் பக்கத்து வீட்டுப் பொம்பிளைக்குத்தான் பலன் வரும்.

இனி உன்ர பொம்பிளையின்ர கட்டத்தைப் பார். 2003 பெப்ரவரி 15, சனிக்கிழமை, பின்னேரம் 6.25 எண்டு கிளினிக் கொப்பியின்ர மட்டையில எழுதிக் கிடக்கு. பிறந்த இடம் இதே பாப்பாமோட்டை. கிரகங்கள் எங்க எண்டதில ஒருதருக்கும் சண்டையில்லை. குருவும் சந்திரனும் கடகத்தில. சனியும் ராகுவும் இடபத்தில. செவ்வாயும் கேதுவும் விருச்சிகத்தில. சுக்கிரன் தனுவில, புதன் மகரத்தில, சூரியன் கும்பத்தில.

லண்டன் மாமி போனில 6.25 எண்டு அடிச்சா, கடக லக்கினம் வந்தது. கடகத்துக்குப் பன்னிரண்டு மிதுனம். மிதுனத்துக்காரன் புதன் மகரத்தில, எட்டாமிடம். மகரத்தில இருந்து எட்டு எண்ணினால் சிங்கம். உபபதம் சிங்கம். அதுக்கு ரெண்டாமிடம் கன்னி, அங்க பாவி ஒருதனும் இல்லை, தனுவில இருந்து சுக்கிரன் வேற பாக்கிறான். மாமி உடன மண்டபம் பதியச் சொல்லிப்போட்டா.

பிறகு உன்ர அப்பன் யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரிட்டக் கொண்டு போனான். அவர் அதே நாள், அதே 6.25, ஆனால் சிங்க லக்கினம் எண்டு எழுதித் தந்திருக்கிறார். உபபதம் மேடம். ரெண்டில சனி, ராகு. உடன மண்டபத்தை நிப்பாட்டச் சொல்லி அப்பன் நிக்கிறான். ஒரு பிள்ளை, ஒரு நாள், ஒரு நேரம், ரெண்டு லக்கினம். போன் பிழையோ சாத்திரியார் பிழையோ எண்டு நீங்கள் வீட்டுக்குள்ள ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை. ஒருதராவது மணிக்கூட்டைக் கேட்டனீங்களோ?

நீ அப்ப பிறக்கவேயில்லை, உனக்குத் தெரியாது. 1996 மே 25 இல கொழும்பில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை. மழையில்லை, நீர் மின்சாரம் இல்லை, வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க எண்டு. அதே வருசம் ஒக்டோபர் 26 இல அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தவை. அந்த அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரைக்கும் அப்பிடியே கிடந்தது. அதுக்குப் பிறகுதான் இந்தியாவோட ஒத்த பழைய நேரத்துக்குத் திரும்ப வந்தது. ஆனால் இயக்கத்தின்ர பக்கம் அந்தப் புதிய நேரத்தை எடுக்கேல்லை. உயிலங்குளத்தில தடை தாண்டினால் மணிக்கூடும் மாறும். மன்னார் டவுனில ஆறரை எண்டால் இஞ்ச ஆறு. பழைய நேரமோ புதிய நேரமோ எண்டு கேக்காமல் ஒருதரும் ஒரு அலுவலுக்கும் போறேல்லை. அந்தக் காலத்தில பாப்பாமோட்டை எந்தப் பக்கம் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை.

போனுக்கு உந்தக் கதை தெரியாது. அதுக்குள்ள கொழும்பு நேரம் மட்டும்தான் ஏத்தி வைச்சிருக்கு. 2003 எண்டு அடிச்சால் அது புதிய நேரமெண்டு தானாவே எடுத்து, அரை மணித்தியாலம் கழிச்சு, பழைய கணக்கில 5.55 எண்டு பிள்ளையைப் பிறக்க வைச்சிடும். லக்கினம் கிட்டத்தட்ட நாலு நிமிசத்துக்கு ஒரு பாகை ஓடும். அரை மணித்தியாலம் எண்டால் ஏழு பாகை. அவள் பிறந்த அண்டைக்கு 5.55 க்குக் கடகம் முடியப் போகுது, 6.25 க்குச் சிங்கம் தொடங்கிட்டுது. நட்சத்திரம் மாறாது, ராசி மாறாது, செவ்வாய் நிக்கிற ராசியும் மாறாது. அதால நட்சத்திரப் பொருத்தம் மட்டும் பாக்கிறவருக்கு இந்த அரை மணித்தியாலம் கண்ணில படாது. உபபதம் முழுக்க லக்கினத்தில தொங்குது. லக்கினம் ஒரு பெட்டி நகர்ந்தால் பன்னிரண்டாம் வீடு மாறும், வீட்டுக்காரன் மாறுவான், எண்ணிக்கை மாறும், நிழல் நாலு ராசி தள்ளிப் போய் விழும். உந்தப் பத்து வருசத்துக்குள்ள எங்கட பக்கத்தில பிறந்த பிள்ளையின்ர உபபதத்தை, எந்த நேரமெண்டு கேக்காமல் எழுதுறவன் ஆராயிருந்தாலும் நான் கையைக் கழுவிப்போட்டு எழும்பிடுவன்.

சாத்திரியார் விசயம் தெரிஞ்ச மனுசன், வன்னிப் பிறப்பு எண்டவுடன பழைய நேரமெண்டு எடுத்திருக்கிறார். ஆனால் அவரும் அனுமானம்தானே. பிள்ளை இஞ்ச பிறந்தாலும், எழுதினவ டவுனுக்குப் போய் வந்த மருத்துவிச்சியாயிருந்து கையில புதிய நேரம் கட்டியிருந்தால்?

அதுக்கு நான் ஒரு வழி சொல்லுறன், காசு கேக்கமாட்டன். சூரியன் எந்த ராசியில எத்தினையாம் பாகையில நிக்கிறானோ, பொழுது படேக்கை அதுக்கு நேர் எதிர் ராசியில அதே பாகை கிழக்கால உதிக்கும். அண்டைக்கு மாசி பிறந்து ரெண்டு நாள், சூரியன் கும்பத்தின்ர தொடக்கத்தில. அப்ப பொழுது படேக்கை சிங்கத்தின்ர தொடக்கம் உதிச்சுக்கொண்டிருக்கும். பெப்ரவரி நடுவில எங்கட பக்கம் பழைய நேரம் 6.20 அளவில பொழுது படும். 6.25 பழைய நேரமெண்டால் பிள்ளை அழேக்கை சூரியன் இல்லை. புதிய நேரமெண்டால் சூரியன் இன்னும் மேற்கில, கடல் பக்கம் பனை மரத்துக்கு மேல நிண்டு கண்ணைக் குத்தும். போய்ப் பொம்பிளை வீட்டுக் கிழவியைக் கேள் எண்டு உன்ர கொம்மாவை நேற்று நான்தான் அனுப்பினனான். "மணி தெரியாது" எண்டவவாம். மணி ஆர் கேட்டது? "விளக்கு வைச்சிட்டியளோ?" எண்டு கேக்கச் சொன்னன். உடன சொல்லிப்போட்டாவாம்: விளக்கு வைக்கப் போன மூத்தவள் சத்தம் கேட்டு எண்ணெய்ப் போத்தலைத் தட்டிவிட்டவளாம், அந்தக் கறை கன நாள் சாமியறைச் சுவரில கிடந்ததாம். முடிஞ்சுது. சிங்க லக்கினம். சாத்திரியார் சொன்னது சரி, போன் பிழை.

ஏன் முகம் சுருங்குது? பொறு, இப்பதான் கணக்கே தொடங்குது.

சிங்கத்துக்குப் பன்னிரண்டு கடகம். கடகத்துக்காரன் சந்திரன். அவன் எங்க? கடகத்திலயே, தன்ர வீட்டிலயே இருக்கிறான். ஒண்டு எண்ணி ஒண்டு எண்ணினால் நிழல் பொருளின்ர மேலேயே விழுகுது. அப்பிடி வந்தால் அது நிழலில்லை எண்டு ஒரு விதி. அதே வீட்டில விழுந்தாலும், அதுக்கு ஏழில விழுந்தாலும், அங்கயிருந்து பத்தாமிடத்துக்குத் தள்ளவேணும். கடகத்துக்குப் பத்து மேடம். சாத்திரியார் அந்த விதியைப் போட்டுத்தான் மேடத்துக்கு வந்திருக்கிறார். ஆனால் ஜைமினி இலக்கங்களை எழுத்துக்குள்ள ஒளிச்சு வைக்கிற ஆள். அந்த எழுத்தைப் பிரிக்கிறதில உரைகாரர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தவை. இந்த விதியே வேண்டாமெண்டு எண்ணி நிண்ட இடத்தை அப்பிடியே வைச்சுக்கொள்ளுறவையும் இருக்கினம். அவையின்ர கணக்கில உபபதம் கடகம், உச்ச குரு அங்கயே இருக்கிறான், ரெண்டாமிடம் சிங்கம், வெறும் வீடு. உன்ர சாத்திரியார் அதை உனக்குச் சொன்னவரோ? சொல்லமாட்டார். நானும் கன பேர் போற விதியிலதான் நிக்கிறன், மேடம் எண்டே வைப்பம். மேடத்தில வைச்சே உன்ர பயத்தைப் பார்த்திடுவம்.

உபபதம் கலியாணத்தைக் காட்டும். அதுக்கு ரெண்டாமிடம் அந்தக் கலியாணம் எதைத் திண்டு சீவிக்குது எண்டதைக் காட்டும். அதால முனிவர் ரெண்டாமிடத்தில பிடிச்சுக் கொண்டுதான் பேசுறார். அங்க பாவிகள் நிண்டால் துணையை இழக்கிறது, இல்லாட்டில் துறவு போறது எண்டு சொல்லுவார். அவர் பெண்சாதியை வைச்சுத்தான் சொன்னவர், பொம்பிளைப் பிள்ளையின்ர சாதகத்தில அதைப் புருசனுக்கு மாத்திப் படிக்கிறது. சூரியன் பாவி எண்டாலும் இந்தக் கணக்கில அவனைப் பாவியாச் சேர்க்கிறதில்லை. சனியும் ராகுவும் சேர்ந்து நிண்டால் பழிச்சொல்லால கைவிடுறது அல்லது இழப்பு எண்டு தனியாயே சொல்லிக் கிடக்கு. உள்ளதைச் சொன்னால் அது சின்ன விசயமில்லை. சாத்திரியார் வெருட்டேல்லை, புத்தகத்தில இருக்கிறதைத்தான் சொன்னவர்.

ஆனால் பக்கத்தைப் பாதியில மூடிப்போட்டார். அதே இடத்திலயே முனிவர் இன்னொண்டும் சொல்லுறார். சுபர் பார்த்தாலோ சேர்ந்தாலோ அந்தக் கெடுதி இல்லையாம். பார்வை எண்டவுடன நீ குருவின்ர அஞ்சு, ஏழு, ஒன்பதை விரல் விட்டு எண்ணாதை. ஜைமினியில கிரகம் பாக்கிறேல்லை, ராசி பாக்கும், அதில நிக்கிறவனும் சேர்ந்து பாப்பான். சர ராசி நாலும், பக்கத்தில ஒட்டிக்கொண்டிருக்கிற திர ராசியை விட்டு மற்ற மூண்டு திர ராசியைப் பாக்கும். திர ராசியும் அப்பிடியே, ஒட்டினதை விட்டு மற்ற மூண்டு சர ராசியைப் பாக்கும். உபய ராசி நாலும் ஒண்டை ஒண்டு பாக்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு எங்களைத் தெரியாது, தூரத்தில இருக்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும் எண்ட கணக்கு. உன்ர லண்டன் மாமியைப் பார், விளங்கும்.

இப்ப இடபத்தில விரலை வை. திர ராசி. அதுக்கு ஒட்டின சர ராசி மேடம், அதை விடு. மிச்சம் கடகம், துலாம், மகரம். மூண்டும் இடபத்தைப் பாக்குது. கடகத்தில ஆர்? உச்சம் பெற்ற குரு, பௌர்ணமிக்கு முதல்நாள் வளர்ந்து நிறைஞ்ச சந்திரன். மகரத்தில தனியப் புதன். துலாம் வெறும் வீடு. சனியும் ராகுவும் இருக்கிற பெட்டியை மூண்டு சுபர் பாக்கினம், அதில ஒருதன் உச்சன். சூத்திரத்தில விலக்குக்கு எழுதி வைச்சதுக்கு இதை விட வடிவான எடுத்துக்காட்டு நான் தேடிப்போனாலும் கிடைக்காது. சாத்திரியார் ஏழாம் பார்வை, பத்தாம் பார்வை எண்டு பழகின ஆள், உபபதத்தை ஜைமினியில எடுத்துப்போட்டுப் பார்வையைப் பராசரர்ட பழைய முறையில பார்த்திருக்கிறார். அந்த முறையில கடகத்துக் குரு இடபத்தைப் பாக்கமாட்டான். அங்கதான் சறுக்கினது. ஆர் உபபதம் எண்டு வாய் திறந்தாலும் முதல் கேக்கவேண்டியது: பார்வை எந்தக் கணக்கு?

அப்ப கெடுதி ஒண்டும் இல்லையோ எண்டு கேக்கிறாய். விலக்கு எண்டால் முறியாது எண்டு அர்த்தம், உரசாது எண்டில்லை. சனியும் ராகுவும் ரெண்டாமிடத்தை விட்டு எழும்பிப் போகேல்லை. ஊர் வாய் உங்கட வீட்டு வாசலில கொஞ்ச நாள் குந்தியிருக்கும், காசு நேரத்துக்கு வராது, அவ்வளவுதான். உன்ர உழைப்பைப் பார்த்தால் அதுக்குச் சனியும் தேவையில்லை.

இன்னொண்டு ஒருதரும் பாராமல் விட்டிட்டியள். உபபதத்துக்காரன் எங்க இருக்கிறான் எண்டது. வாறவன் எப்பிடிப்பட்ட குடும்பத்தால வருவான் எண்டதை அவனில பாக்கிறது. உச்சமெண்டால் உயர்ந்த இடம், நீசமெண்டால் தாழ்ந்த இடம் எண்டு வழக்கம். மேடத்துக்காரன் செவ்வாய், விருச்சிகத்தில தன்ர சொந்த வீட்டில நிக்கிறான். அதாவது மாப்பிள்ளை வீடு சொந்தக் காலில நிக்கிற வீடு. சந்தோசப்படாதை, கூடக் கேது நிக்கிறான். செவ்வாயும் கேதுவும் ஒரு பெட்டிக்குள்ள. கோபம் வந்தால் சட்டியை எறியிற, கேட்டால் நான் பேசேல்லையே எண்டு சொல்லுற ஆக்கள். அது உன்ர அப்பன் இல்லையெண்டு நீ சொல்லு பாப்பம். அவளின்ர சாதகத்தில கிடக்கிற வில்லங்கம் நீங்கள்தான். அவளின்ர ஆக்கள்தான் பயப்பிடவேணும், நீ ஏன் விடிய வந்து அழுறாய்?

பரிகாரமெண்டு கொஞ்சம் எழுதித் தந்திருக்கிறாராம். இப்ப சில ஆசிரியர்மார் உபபதத்துக்காரன்ர கிழமையில விரதம் பிடிச்சால் கலியாணம் நிலைக்கும் எண்டு சொல்லுகினம். அதுக்கு முதலே உபபதம் சரியா வந்திருக்கவேணுமே. சிங்க உபபதமெண்டு மாமி சொன்னதைக் கேட்டால் ஞாயிறு பட்டினி, மேடமெண்டால் செவ்வாய் பட்டினி, விதியைப் போடாதவன் சொன்னதைக் கேட்டால் திங்கள் பட்டினி. மூண்டையும் பிடிச்சாயெண்டால் உடம்பாவது குறையும், தாலி கட்டேக்கை வேட்டி நிக்கும். ஆயிரக்கணக்கில காசு கேக்கிற பரிகாரத்துக்கு மட்டும் என்னட்டச் சொல்லாமல் போகாதை.

ஒண்டு மட்டும் சொல்லி வைக்கிறன். இந்த உபபதத்தை வைச்சுக் கலியாணம் நிக்குமோ, ஆர் வீட்டால வரும், எங்க உரசும் எண்டுதான் பாக்கலாம். அந்தப் பிள்ளைக்கு உன்னைப் பிடிச்சிருக்கோ எண்டது இதில இல்லை. அது ஏழாமிடத்தின்ர நிழலில பாக்கிறது எண்டு சொல்லுவினம். அவள் அடம்பனில படிப்பிக்கப் போய் வாறவள், பின்னேரம் பஸ்ஸால இறங்கேக்கை நேராய்க் கேட்டால் வேளைக்கு மறுமொழி கிடைக்கும்.

சரி, எழும்பு, வெய்யில் ஏறுது. கொப்பனிட்டப் போய்ச் சொல்லு, இடபத்தை மூண்டு பேர் பாக்கினம், மண்டபத்தை விடவேண்டாமெண்டு. சாத்திரியாரோட சண்டை பிடிக்கவேண்டாம், ராசிப் பார்வையைப் போட்டுத் திரும்ப ஒருக்காப் பார்க்கச் சொல்லிக் கேள், மனுசன் ஒத்துக்கொள்ளுவார்.

போகேக்கை உன்ர கொம்மாவிட்ட ஒண்டு கேட்டுக்கொண்டு போ. நீ 2001 தானே? நீ பிறந்தது டவுன் ஆசுப்பத்திரியில, புதிய நேரம் ஓடின இடம். உன்ர குறிப்பை எழுதினவர் இஞ்ச, பழைய நேரத்தில இருந்தவர். உன்ர லக்கினத்தை ஒருதரும் இன்னும் கேக்கேல்லை.